கத்தரி வைப்பதற்கு முன்னால் ஒரு கடிதம்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் வழியில் இருக்கிறது சேவூர். இந்தப் பக்கத்தில் பத்துத் தையல் மெஷின் போட்டு டி-சர்ட் தைக்கும் சின்ன யூனிட்காரர்களிடம் பேசினால், ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம். "துணி சரியில்லைங்க. அப்பவே போன்ல சொன்னேன். இப்ப பணம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்குது."

போனில் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துணியை வெட்டித் தைத்து அனுப்பிய பிறகு, பணம் கொடுக்கும் நாளில் 'டெபிட் நோட்' போட்டால் அது சாக்குச் சொல்வது போலத்தான் தெரியும். வந்த சரக்கைத் திருப்பும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அந்த உரிமை எந்த நிமிடத்தில் கைவிட்டுப் போகிறது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சாயம் ஏற்றிய சிங்கிள் ஜெர்சி துணி, 25 ரோல், 500 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் இரண்டு லட்ச ரூபாய் சரக்கு. நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றி, துணியாகவே விற்கும் ஆலையிடம் வாங்கியது. ஆர்டரில் எழுதியிருப்பது இரண்டு விஷயம்: 180 ஜி.எஸ்.எம். (5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்), துவைத்தால் சுருக்கம் 5 சதவீதத்துக்குள்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. வட்டக் கட்டரால் வெட்டினால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு கிடைக்கும். அதன் எடையை நூறால் பெருக்கினால் போதும். ரோலைப் பிரித்து ஒரு நாள் தளர விட்டு, ஓரத்தை விட்டு உள்ளே ஐந்து இடத்தில் வெட்டிப் பார்க்கிறோம். சராசரி 1.68 கிராம், அதாவது 168 ஜி.எஸ்.எம். ஆர்டர்படி 171-க்குக் கீழே போகக்கூடாது.

அடுத்து சுருக்கம். துணியில் 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, ஆர்டரில் சொன்ன முறைப்படி துவைத்து, காயவைத்து அளக்கிறோம். நீளம் 46, அகலம் 49. நீளத்தில் 8 சதவீதம் சுருக்கம். 70 சென்டிமீட்டர் நீள டி-சர்ட் முதல் துவைப்பிலேயே 64 சொச்சத்துக்கு வந்துவிடும். போட்டவர் கையைத் தூக்கினால் வயிறு தெரியும்.

இங்கேயே நிறுத்தாமல், துவைத்த துணியிலும் ஒரு வட்டம் வெட்டி எடை பாருங்கள். நம் கணக்கில் 186 வருகிறது. இந்த ஒரு எண் நிறையச் சொல்கிறது. நூலும் நிட்டிங்கும் சரி, தப்பு நடந்தது காம்பேக்டிங்கில். சாயப் பட்டறையில் ஈரத்தோடு இழுபட்டு நீண்ட துணியை, காம்பேக்டிங் மெஷின் நீளவாக்கில் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரத்தில் போதிய அளவு அழுத்தாமல் விட்டால் துணி நீண்டபடியே ரோலாகிவிடும். அதனால்தான் எடை குறைவாகக் காட்டுகிறது, சுருக்கம் கூடுகிறது. இந்தத் துணியை மறுபடி காம்பேக்டிங் போட்டுத் திருத்த முடியும். துவைத்த பிறகும் எடை குறைவாகவே இருந்தால், நூலிலோ நிட்டிங்கிலோ பிரச்னை. அப்போது மாற்றுத் துணி கேட்பதுதான் வழி.

இவ்வளவும் கத்தரி வைப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். காரணம் 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். வந்த சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது 41-வது பிரிவு. ஆனால் 42-வது பிரிவின்படி, சரக்கு இன்னும் விற்றவருடையதுதான் என்பதற்குப் பொருந்தாத எதையாவது செய்தாலும், நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தாலும், ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். துணியை வெட்டுவது அப்படிப்பட்ட செயல். ஒரே ஆர்டரில் பாதியை வெட்டிவிட்டு மீதியைத் திருப்புவதும் சிக்கல்தான். வெட்டிய பிறகு மிஞ்சுவது விலைக் குறைப்பும் நஷ்டஈடும் கேட்கும் உரிமை மட்டுமே.

'நியாயமான காலம்' எத்தனை நாள் என்று அந்தச் சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. விற்றவர் குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டத்தில் ஒரு எண் இருக்கிறது: 15 நாள். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பணம் கொடுக்கும் கெடுவும் அன்றிலிருந்தே ஓடும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 15 நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால், விற்றவர் குறையைச் சரிசெய்யும் நாளில்தான் கணக்குத் தொடங்கும்.

'எழுத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், அதையே இமெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி வையுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் ஆர்டர் எண் ___-க்கு, உங்கள் இன்வாய்ஸ் எண் ___ மூலம் 2-ம் தேதி வந்த 25 ரோல், 500 கிலோ துணியை 5-ம் தேதி சோதித்தோம். ஆர்டர்படி 180 ஜி.எஸ்.எம்., வந்தது சராசரி 168. ஒப்புக்கொண்ட சுருக்கம் 5 சதவீதம், நீளத்தில் வந்தது 8 சதவீதம். ரோல் வாரியான அளவுகளும் படங்களும் இணைப்பில். எனவே இந்தச் சரக்கை ஏற்க மறுக்கிறோம். துணியை வெட்டவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறோம். மூன்று நாளுக்குள் உங்கள் ஆள் வந்து எங்களோடு சேர்ந்து சோதித்துக்கொள்ளலாம். உங்கள் செலவில் எடுத்துப்போய், மறு காம்பேக்டிங் செய்து 7 நாளுக்குள் திருப்பித் தரவும். அப்போதும் அளவு வராவிட்டால் மாற்றுத் துணி, அல்லது முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் தரவும்."

கடிதத்தில் கோபம் வேண்டாம், எண்கள் போதும். 'குவாலிட்டி மோசம்' என்று எழுதினால் 'எங்களுக்கு நல்லாத்தான் இருக்குது' என்று பதில் வரும். 168 என்று எழுதினால் அவரும் அளந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

படம் எடுக்கும்போது தராசின் எண்ணும் ரோல் ஸ்டிக்கரும் ஒரே படத்தில் விழட்டும். தனித்தனியாக எடுத்தால், எந்த ரோலின் எடை என்ற கேள்வி வரும். 25-ல் மூன்று ரோல் மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மறுக்காதீர்கள். மூன்றில் குறை தெரிந்தால் மற்ற ரோல்களிலும் வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ரோலிலும் துண்டு எடுத்து, பாதியை விற்றவருக்கு அனுப்பி, பாதியை ஒட்டி முத்திரையிட்டு வையுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், கோவை சிட்ரா போன்ற பொது ஆய்வகத்துக்கு அந்தத் துண்டுதான் போகும்.

மறுத்த துணியை நீங்களே லாரி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வேண்டியதில்லை. ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும் என்கிறது 43-வது பிரிவு. அதுவரை துணி நனையாமல், அழுக்காகாமல் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஆர்டர் தாள்தான். அதில் '180 ஜி.எஸ்.எம்.' என்று மட்டும் எழுதி, சுருக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால், 8 சதவீதம் தப்பு என்று காட்டுவது கஷ்டம். அடுத்த ஆர்டரில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: சுருக்கம் எத்தனை சதவீதத்துக்குள், எந்த முறையில் துவைத்துப் பார்ப்பது.