புரமோஷன் கொடுத்துவிட்டு மறுபடியும் புரொபேஷனா?

ஓசூரிலிருந்து ஒரு வாசகி இரண்டு போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதல் போட்டோவில் கேக். "வாழ்த்துகள்" என்று க்ரீமில் எழுதி, சுற்றிலும் யூனிஃபார்மில் பத்துப் பதினைந்து பேர் சிரிக்கிறார்கள். இரண்டாவது போட்டோவில் அதே நாளில் கைக்கு வந்த புரமோஷன் லெட்டர். அதில் ஒரு பத்தியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: "ஏழு வருஷமா இங்கதானே இருக்கேன், என்னை எதுக்குத் திரும்பவும் புரொபேஷன்ல போடுறாங்க தம்பி?"

அவர் வேலை பார்ப்பது வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, ஆறு மாதத்தில் நிரந்தரமாகி, இப்போது குவாலிட்டி சூப்பர்வைசர் ஆகியிருக்கிறார். சம்பளம் 24,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய். வட்டம் போட்ட பத்தி சொல்வது இதுதான்: புதிய பதவியில் ஆறு மாதம் புரொபேஷன். அந்தக் காலத்தில் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் வேலையை முடித்துக்கொள்ளலாம். நிர்வாகம் எழுத்தில் உறுதிசெய்யும் வரை புரொபேஷன் தொடரும்.

கம்பெனி இப்படிக் கேட்கலாமா? கேட்கலாம். புரமோஷனுக்குப் பிறகு புரொபேஷன் வைக்கக்கூடாது என்று தனியார் நிறுவனங்களைத் தடுக்கும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. அரசாங்கத்திலேயே இது உண்டு. மத்திய அரசுப் பணியில் ஒரே குரூப்புக்குள் ஒரு படி மேலே போனால் பொதுவாகப் புதிதாகப் புரொபேஷன் கிடையாது. குரூப் 'பி'-யிலிருந்து குரூப் 'ஏ'-வுக்குப் போவதுபோல் குரூப்பே மாறினால் உண்டு. வேலையின் தன்மை மாறும்போது, அந்த வேலைக்கு ஆள் பொருந்துகிறாரா என்று பார்க்க அவகாசம் கேட்பது நியாயம்தான்.

ஆனால் இந்த அக்காவின் லெட்டரில் எனக்கு உறுத்தியது புரொபேஷன் என்ற சொல் இல்லை. "வேலையை முடித்துக்கொள்ளலாம்" என்ற சொற்கள்தான். சூப்பர்வைசர் வேலை சரிப்பட்டு வராவிட்டால் திரும்ப இன்ஸ்பெக்டர் ஆக்குவது ஒன்று, வீட்டுக்கே அனுப்புவது வேறு. ஏழு வருடமாக நன்றாகச் செய்த ஒரு வேலையை, வேறொரு வேலையை முயன்று பார்த்த குற்றத்துக்காக ஒருவர் ஏன் இழக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நம் தொழிலாளர் சட்டத்தில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைகளில் வேலை நிபந்தனைகளை எழுதி வைக்கும் ஆவணத்துக்கு நிலையாணைகள் என்று பெயர். ஆலைகளில் எல்லோரும் ஸ்டாண்டிங் ஆர்டர் என்பார்கள். 1946-ம் ஆண்டு மத்திய விதிகளோடு அதற்கு ஒரு மாதிரியும் வந்தது. அதில் புரொபேஷனர் யார் என்று விளக்கும் இடத்திலேயே இதையும் சொல்லிவிட்டார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவரைப் புதிய பதவியில் புரொபேஷனராக வைத்தால், அந்த மூன்று மாத புரொபேஷன் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் அவரைப் பழைய நிரந்தரப் பதவிக்குத் திருப்பி அனுப்பலாம். புரொபேஷன் உண்டு, ஆனால் தோற்றால் போய்ச் சேரும் இடம் பழைய நாற்காலி. அரசு அலுவலகங்களில் இதையே 'லீன்' என்பார்கள். புதிய பதவியில் உறுதியாகும் வரை பழைய பதவியின் மேல் உங்கள் துண்டு போட்டபடியே இருக்கும் என்று அர்த்தம்.

"உங்க ஃபேக்டரியில ஸ்டாண்டிங் ஆர்டர் ஒட்டியிருப்பாங்களே, பார்த்தீங்களாக்கா?" என்று கேட்டேன். தொழிலாளர்கள் நுழையும் வாசலருகே, அவர்களுக்குப் புரியும் மொழியிலும் அதை ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஏழு வருடமாக அந்த போர்டைத் தாண்டித்தான் பஞ்ச் வைக்கப் போகிறாராம், ஒருநாளும் படித்ததில்லை. மறுநாள் அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார். மூன்று மாதம், பழைய பதவிக்குத் திரும்புவது, இரண்டுமே அப்படியே இருந்தன.

அப்படியானால் அக்கா ஜெயித்துவிட்டார் என்று நானும் நினைத்தேன். ஓசூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபோது அவர் வேறொரு இடத்தில் கை வைத்தார். "அவங்களுக்கு வந்திருக்கிறது சூப்பர்வைசர் போஸ்ட். அதைப் பாருங்க முதல்ல."

நிலையாணைகள் சட்டப்படி தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். மேற்பார்வை வேலை பார்த்து ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்குபவர் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுவார். அந்தத் தொகை முன்பு 10,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 18,000 ரூபாய். அக்காவின் சம்பளம் இரண்டையும் தாண்டுகிறது. (புதிய தொகுப்பில் நிலையாணை அத்தியாயமே 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் என்ற அளவுக்குப் போய்விட்டது. சின்னக் கம்பெனியில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். உங்களுக்குக் கையிலிருக்கும் லெட்டர்தான் முக்கால்வாசிச் சட்டம்.)

கேக் வெட்டிய நாளில் உண்மையில் என்ன கைமாறியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கா இன்ஸ்பெக்டராகவே இருந்து, அவர்மேல் எந்தத் தவறும் இல்லாமல், ஆள் அதிகம் என்று கம்பெனி அவரை அனுப்ப நினைத்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அது 24,000 ரூபாய். அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதாவது சுமார் 12,000 ரூபாய் வீதம் ஏழு வருடத்துக்கு 84,000 ரூபாய் இழப்பீடு. மொத்தம் 1,08,000 ரூபாய். சூப்பர்வைசராகப் புரொபேஷனில் இருக்கும்போது அனுப்பினால், லெட்டரில் உள்ளபடி ஏழு நாள் சம்பளம்: 7,000 ரூபாய். கிராஜுவிட்டி இரண்டு பக்கமும் உண்டு, ஐந்து வருடம் தாண்டியதால் அதை யாரும் தொட முடியாது. புரமோஷனால் பழைய சர்வீஸ் அழிந்துபோவதும் இல்லை. ஆனாலும் ஒரு லட்சம் ரூபாய் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து மாதம் 6,000 ரூபாய் கூடுதல் சம்பளம் வாங்குகிறோம் என்று அந்த லெட்டர் எங்கேயும் சொல்லவில்லை.

இதில் கம்பெனி பக்கமும் ஒரு முடிச்சு இருக்கிறது. பதவியின் பெயரை வைத்து மட்டும் ஒருவர் சூப்பர்வைசர் ஆகிவிட மாட்டார். அவர் முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்றுதான் கோர்ட் பார்க்கும். ஷிஃப்டில் பெரும்பாலான நேரம் கேஜும் மைக்ரோமீட்டருமாகத் தானே அளந்துகொண்டிருந்தால், சட்டையில் சூப்பர்வைசர் பேட்ஜ் இருந்தாலும் அவர் தொழிலாளிதான் என்று வாதாட இடமுண்டு. மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, அதைச் சரிபார்ப்பது, லீவு அனுமதிப்பது என்று இருந்தால் வாதம் பலவீனமாகும். அக்காவுக்கு இரண்டும் கலந்த வேலை. "ஜெயிக்கலாம், ஆனா வருஷக்கணக்காகும். அதுக்கு முன்னாடியே லெட்டரை மாத்திக்கிறது லாபம்" என்றார் வழக்கறிஞர்.

அவர் ஒரு பழைய வழக்கையும் சொன்னார். பர்ஷோத்தம் லால் டிங்ரா ரயில்வேயில் மூன்றாம் வகுப்புப் பதவியில் இருந்தவர். 1951-ல் இரண்டாம் வகுப்புப் பதவி ஒன்றைத் தற்காலிகமாகக் கவனிக்கச் சொல்லி மேலே அனுப்பினார்கள். 1953-ல் திரும்பக் கீழே இறக்கினார்கள். என்னைக் கேட்காமல் பதவியிறக்கம் செய்துவிட்டார்கள் என்று அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். தோற்றார். மேல் பதவியின் மீது உங்களுக்கு இன்னும் உரிமை உண்டாகவில்லை, அதனால் திருப்பி அனுப்பியது தண்டனை ஆகாது என்றது கோர்ட். ஆனால் கூடவே ஒரு கோடும் கிழித்தது. திருப்பி அனுப்பும்போது பழைய பதவியின் சம்பளமோ சீனியாரிட்டியோ குறைந்தாலோ, அடுத்த புரமோஷன் வாய்ப்பு தள்ளிப்போனாலோ அது தண்டனை. விசாரணை இல்லாமல் செய்யக்கூடாது. அது அரசு ஊழியர்களுக்கான அரசியல் சட்டப் பாதுகாப்பு பற்றிய தீர்ப்பு, தனியார் கம்பெனியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் லெட்டரை எப்படிப் படிப்பது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தோற்றால் முன்பு இருந்த அதே இடத்துக்குப் போகிறேனா, அதற்கும் கீழே போகிறேனா?

வேறொரு கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜராக இருக்கும் எனக்குத் தெரிந்த அண்ணனிடம் லெட்டரைப் பெயர் மறைத்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். "இது சதியெல்லாம் இல்லப்பா. புதுசா சேர்றவங்களுக்குக் கொடுக்கிற டெம்ப்ளேட்டை எடுத்து டெசிக்னேஷனை மட்டும் மாத்தியிருக்காங்க. கேட்டா திருத்திக் கொடுப்பாங்க, யாரும் கேக்கிறதில்ல."

அக்கா கேட்டார். கையெழுத்துப் போடும் முன்பு, இ-மெயிலில், மூன்றே விஷயங்கள். புதிய வேலை ஒத்துவராவிட்டால் பழைய பதவி, பழைய சம்பளம், அதே சீனியாரிட்டிக்குத் திருப்பி அனுப்பப்படுவேன் என்று எழுத வேண்டும். புரொபேஷன் நீட்டித்தாலும் மொத்தம் இவ்வளவு மாதம்தான் என்று எல்லை வேண்டும். சேர்த்துவைத்த லீவு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், நோட்டீஸ் காலம் எல்லாம் நிரந்தர ஊழியருக்கு உள்ளபடியே தொடர வேண்டும். மூன்றாவதைக் கேட்டதற்குக் காரணம் அவர் அம்மாவின் டயாலிசிஸ். புரொபேஷனர்களுக்குக் குடும்ப இன்ஷூரன்ஸ் கிடையாது என்று அந்தக் கம்பெனியின் பாலிசியில் இருக்கிறது. லெட்டரை அப்படியே ஏற்றிருந்தால் ஆறு மாதம் அந்தச் செலவு கையிலிருந்து போயிருக்கும்.

இரண்டாவது கோரிக்கை பலருக்குச் சின்னதாகத் தெரியும். ஆறு மாதம் முடிந்து யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாகவே கன்ஃபர்ம் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. "எழுத்தில் உறுதிசெய்யும் வரை" என்று இருந்தால், மௌனத்துக்கு அர்த்தம் புரொபேஷன் தொடர்கிறது என்பதுதான். விதியிலேயே அதிகபட்சக் காலம் இருந்து, அதைத் தாண்டியும் வேலையில் வைத்திருந்தால்தான் உறுதியானதாகக் கொள்ளப்படும். 1968-ல் பஞ்சாப் அரசுக்கு எதிரான தரம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. அங்கே விதியில் மூன்று வருடம் என்ற உச்சவரம்பு இருந்ததால் ஊழியர் பக்கம் தீர்ப்பு வந்தது.

நான்கு நாள் பதில் இல்லை. "கேக்கெல்லாம் வெட்டிட்டு இப்ப கொக்கி போடுறேன்னு நெனச்சுப்பாங்களோ" என்று அக்கா தவித்துப்போனார். புரமோஷனே வேண்டாம், இன்ஸ்பெக்டராகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லவும் அவருக்கு வழி இருந்தது. மகளின் காலேஜ் ஃபீஸை நினைத்து அதைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் திருத்திய லெட்டர் வந்தது. பழைய பதவிக்குத் திரும்பும் வரி சேர்ந்திருந்தது. இன்ஷூரன்ஸும் லீவும் தொடரும் என்றும் எழுதியிருந்தார்கள். நோட்டீஸ் காலம் ஒரு மாதம் ஆனது. ஆறு மாதத்தைக் குறைக்க மாட்டோம் என்றார்கள். உச்சவரம்பாக ஒன்பது மாதம் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய லெட்டர், திருத்திய லெட்டர், இ-மெயில், வாசல் போர்டின் போட்டோ நான்கையும் தன் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். கம்பெனி மெயில் ஐடி கம்பெனியோடு போய்விடும் இல்லையா.