நன்றி சொல்வதென்றால் ஒரு பாடத்தைச் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் நீளமாகத்தானே இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

செப்டம்பர் 5 வந்தாலும், யாராவது ஓர் ஆசிரியர் பணி ஓய்வு பெற்றாலும் முகநூலில் நன்றிப் பதிவுகள் வரிசை கட்டி வருகின்றன. நானும் ஆசையாகப் படிக்கிறேன். ஆனால் பாதிக்கு மேல் ஒரே பதிவுதான். ஏணி, தோணி, மெழுகுவர்த்தி, எங்களைச் செதுக்கிய சிற்பி, அறியாமை இருளை விரட்டிய சூரியன். அந்த ஆசிரியரின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கணக்கு சாருக்கு எழுதியதா, தமிழ் ஐயாவுக்கு எழுதியதா என்றுகூடத் தெரியாது.

அன்பில்லாமல் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்பு நிறைய இருக்கிறது. அது அந்த ஆசிரியரிடம் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் குறை. வகுப்பில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாங்கள் நடத்திய ஆயிரக்கணக்கான பாட வேளைகளில் எது பிள்ளை மனதில் நின்றது, எது காற்றோடு போனது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. தேர்வுத் தாள் மதிப்பெண்ணைக் காட்டும். எந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எந்தக் கேள்வி அந்தப் பிள்ளையின் மண்டையில் விளக்குப் போட்டது என்று காட்டாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த மாணவர்தான். "நீங்கள் ஒரு சூரியன்" என்றால் எனக்கு வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான். "நீங்கள் அன்றைக்கு இப்படிச் செய்தீர்கள், எனக்கு இது புரிந்தது" என்றால் நான் அன்றிரவு தூங்க மாட்டேன்.

நான்கு மாதங்களுக்கு முன் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். "டீச்சர், எங்க கணக்கு சார் இந்த வருஷத்தோட ரிட்டயர் ஆகிறார். அவரைப் பத்தி எழுதி வெச்சிருக்கேன். பிழை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவள் எழுதியது இது:

"கணக்கு என்றாலே கசந்த எங்களுக்குக் கற்கண்டாய்க் கற்றுத் தந்தவர். கண்டிப்பில் தந்தை, கனிவில் தாய். தன்னை உருக்கி எங்களுக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி. நான் இன்று இந்த நிலையில் இருக்க அவரே காரணம். அவருக்கு நன்றி சொல்ல வார்த்தைகள் இல்லை."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஒற்றுகூடச் சரியாகப் போட்டிருந்தாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஆனாலும், "கண்ணு, இதுல உங்க சார் எங்கே இருக்கார்?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா நடத்துவார் டீச்சர்" என்றாள். எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். நல்லா நடத்துவார், புரியுற மாதிரி சொல்லுவார், அன்பா இருப்பார். இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. "சார் உனக்கு என்ன செய்தார்" என்று கேட்டாலும் பயனில்லை, திரும்பவும் புகழ்ச்சிதான் வரும். அதனால் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். "அவர் வகுப்புல நீ தப்பாச் சொன்ன விடை ஏதாவது ஞாபகம் இருக்கா?"

சரியாகச் சொன்னது மறந்துவிடும். தப்பாகச் சொன்னது முப்பது வருடமானாலும் மறக்காது. உடனே சிரித்தாள். "கயிறு வெட்டினது டீச்சர்" என்றாள். பிறகு அரை மணி நேரம் பேசினாள். இடையிடையே நான் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். எந்த வகுப்பு? பலகையில் என்ன எழுதியிருந்தது? அதற்கு முன்னால் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? அவர் கையில் என்ன இருந்தது? அதற்கு அப்புறம் என்ன கேட்டார்?

ஏழாம் வகுப்பு, தசம எண்கள். பலகையில் 0.5, 0.35 என்று எழுதி எது பெரியது என்று கேட்டிருக்கிறார். ஏறக்குறைய எல்லாரும் 0.35 என்று கை தூக்கினார்கள். 5ஐ விட 35 பெரியதுதானே! முழு எண்ணில் பழகிய பிள்ளை புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதையும் முழு எண்ணாகவே படிக்கும். கணக்கு எடுத்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்தத் தவறைச் சொல்வார்.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. கை தூக்கியவர்களை எண்ணிப் பலகை ஓரத்தில் எழுதிவிட்டு, இவளையும் இன்னொரு பிள்ளையையும் கூப்பிட்டு மர மீட்டர் கோலைக் கொடுத்தார். ஒருத்தி 0.5 மீட்டர், ஒருத்தி 0.35 மீட்டர் கயிறு வெட்ட வேண்டும். கோலில் பத்துப் பெரிய பிரிவுகள், நூறு சின்னப் பிரிவுகள். 0.5 என்றால் பத்தில் ஐந்து. 0.35 என்றால் நூறில் முப்பத்தைந்து. வெட்டி அருகருகே பிடித்தபோது 0.5 ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட நீண்டு நின்றது. வகுப்பு கப்சிப்.

இத்தனையோடு நிறுத்தியிருந்தால் அவர் நல்ல ஆசிரியர். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு வியப்பு. உடனே 0.4, 0.62 என்று எழுதி எது பெரியது என்று கேட்டாராம். வகுப்பே "0.4" என்று கத்தியது! புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் அதுதான் பெரியது என்று பிள்ளைகள் இதற்குள் ஒரு புது விதியை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒரு தவறைத் திருத்தப் போய் அதன் நேர் எதிர்த் தவறு முளைக்கும். அதை அன்றே பிடித்தால் உண்டு, விட்டால் பத்தாம் வகுப்பு வரை போகும். மறுபடி கயிறு, மறுபடி கோல். புள்ளிக்கு அடுத்த இடத்தில் பத்தில் எத்தனை என்று முதலில் பார்க்க வேண்டும், எத்தனை இலக்கம் என்பதில் ஒன்றும் இல்லை என்று இரண்டாம் முறை வெட்டியபோதுதான் இவளுக்குப் பிடிபட்டது.

"இதை விட்டுட்டு மெழுகுவர்த்தின்னு எழுதியிருக்கியே" என்றேன்.

"இதெல்லாம் போய் எழுதுவாங்களா டீச்சர்?" என்றாள்.

இதைத்தான் எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து அவளே எழுதி அனுப்பினாள். நான் இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்டினேன். அவள் போட்ட பதிவு:

"சார், ஏழாம் வகுப்பில் நீங்கள் 0.5, 0.35 எது பெரியது என்று கேட்டபோது நான் 0.35 என்று கை தூக்கினேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கயிறு வெட்டச் சொன்னீர்கள். என் கயிறு சின்னதாக இருந்தது. அடுத்து 0.4, 0.62 என்று கேட்டீர்கள். நான் மறுபடியும் தப்பாகச் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை, மீட்டர் கோலை மறுபடியும் என் கையில் கொடுத்தீர்கள். இப்போது குழந்தைகளுக்கு மருந்து எடுக்கும் 1 மி.லி. சிரிஞ்சில் நூறு சின்னக் கோடுகள் இருக்கின்றன, சார். அது எனக்கு உங்கள் மீட்டர் கோல் மாதிரியே தெரியும். 0.35 எடுக்கும்போது முப்பத்தைந்தாவது கோடு, 0.5 என்றால் ஐம்பதாவது கோடு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானும் முதலில் ஒரு கேள்வி, உடனே இரண்டாவது கேள்வி என்றுதான் கேட்கிறேன். நன்றி சார்."

சிரிஞ்ச் விஷயம் பேசும்போது அவளுக்கே புதிதாகத் தோன்றியது. (சொல்லும்போதே இன்னொன்றும் சொன்னாள். .5 என்று எழுதக்கூடாதாம், முன்னால் 0 போட்டே ஆக வேண்டுமாம். புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 5 ஆகி, மருந்து பத்து மடங்காகிவிடும்.)

நான் வெட்டிய வாக்கியங்களில் ஒன்று, "அன்று நீங்கள் சொல்லித் தராவிட்டால் எத்தனை உயிர்கள் போயிருக்கும்" என்பது. நர்சிங் படிப்பில் மருந்தளவைத் தனியாகச் சொல்லித் தருகிறார்கள், எடுத்த மருந்தை இன்னொருவர் சரிபார்க்கவும் செய்கிறார்கள். இல்லாத பெருமையை சார் தலையில் ஏற்றினால் இருக்கிற பெருமையும் பொய்யாகத் தெரியும். இன்னொன்று, சார் சொன்னதாக அவள் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்த ஓர் அழகான வாசகம். "அப்படியேதான் சொன்னாரா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், அந்த மாதிரி" என்றாள். அப்படியென்றால் வேண்டாம். செய்தது ஞாபகம் இருந்தால் செய்ததை எழுதினால் போதும்.

கயிறா, ரிப்பனா என்றும் அவளுக்கு ஒரு சந்தேகம். வகுப்புக் குழுவில் கேட்டாள். மூன்று பேர் கயிறு என்றார்கள், ஒருத்தி சிவப்பு ரிப்பன் என்று சத்தியம் செய்தாள். அதனால் கயிறு நின்றது, நிறத்தை விட்டுவிட்டோம். கூட வெட்டிய பிள்ளையின் பெயரையும் போடவில்லை. நம் தவறை நாம் ஊருக்குச் சொல்லலாம், தோழியின் தவறைச் சொல்ல அவள்தான் அனுமதி தர வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலர் ஞாபகம் என்று அடி வாங்கியதை எழுதுகிறார்கள். "சார் அடித்த அடியில்தான் மனிதனானேன்" என்று. அதில் பாடம் எங்கே இருக்கிறது? பிரம்பு மட்டும்தான் இருக்கிறது. அதைப் படித்து எந்த ஆசிரியரும் மகிழக் கூடாது.

அந்தப் பதிவைப் படித்துவிட்டு சார் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். வாழ்த்துக்கு நன்றி என்பதெல்லாம் இல்லை. நேரே இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டாராம். முன்பெல்லாம் அவர் 0.5, 0.35 மட்டும்தான் கேட்பாராம். ஒரு வருடம் தேர்வுத் தாளில் பாதி வகுப்பு நேர் எதிராக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது கேள்வியைச் சேர்த்தாராம். அது வேலை செய்ததா இல்லையா என்று இத்தனை வருடம் அவருக்குத் தெரியாதாம்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் மகன், "எனக்கு ஒரு பாடமும் ஞாபகம் இல்லை அத்தை, நான் யாருக்கு என்ன எழுத?" என்றான். "பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டு இன்னைக்கும் செய்யுற காரியம் ஏதாவது சொல்லு" என்றேன். யோசித்தான். மொத்தக் கடை பில் வந்தால் மேலிருந்து கீழாக ஒரு முறை கூட்டுவானாம், பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டுவானாம். இரண்டும் ஒத்து வந்தால்தான் பணம் கொடுப்பானாம்.

"அதை யாருடா சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் பெயர் உடனே வந்தது. பலகையில் எந்தப் பக்கம் நின்று கூட்டிக் காட்டினார் என்பதும் வந்தது.