வி.பி.என். மறைக்காத ஒன்று

"சார், வி.பி.என். போட்டுத்தானே உள்ளே போனேன். காலேஜுக்கு எப்படித் தெரிந்தது?" பண்டமாரானில் என்னிடம் கணினிப் பாடம் படிக்க வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை வி.பி.என். மறைக்கும். நீங்கள் வி.பி.என். போட்டிருக்கிறீர்கள் என்பதை மறைக்காது. மாட்டிக்கொள்பவர்கள் பலருக்கும் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

பல செயலிகள் பயன்படுத்தும் வயர்கார்ட் முறையையே எடுத்துக்கொள்வோம். இணைப்பைத் தொடங்க உங்கள் கைப்பேசி அனுப்பும் முதல் செய்தி எப்போதும் 148 பைட் இருக்கும். அதன் முதல் பைட் 1, அடுத்த மூன்றும் சுழியம். எதிர்முனையிலிருந்து வரும் பதில் 92 பைட். உள்ளடக்கத்தைப் பூட்டிவிட்டாலும் உறையின் அளவு வெளியில் தெரிகிறது. வழக்கமான 51820 வாயிலைக் கல்லூரி அடைத்துவிட்டால், சிலர் 443க்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வாயில்தான் மாறியது, 148 மாறவில்லை. ஃபயர்வால் அதைத்தான் பார்க்கிறது.

இந்த அடையாளத்தையும் மறைக்கும் செயலிகள் உண்டு. ஆனால் சாதாரணக் கைப்பேசி ஒரு மணி நேரத்தில் பல முகவரிகளோடு பேசும். உங்களுடையது மட்டும் ஏதோ வெளிநாட்டுத் தரவு மையத்தின் ஒரே முகவரியோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். இது ஆதாரமாகாதுதான். ஆனாலும், பிணையப் பொறுப்பாளர் திரும்பிப் பார்க்க இதுவே போதும்.

பிறகு உங்கள் பெயர் எப்படிக் கிடைக்கிறது? வைஃபையில் நுழையும்போது மாணவர் எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கு எந்த முகவரி, எத்தனை மணிக்கு வழங்கப்பட்டது என்பது பதிவேட்டில் இருக்கும். கைப்பேசியின் அடையாள எண்ணை மாற்றினாலும் மாணவர் எண் மாறப்போவதில்லை.

"மலேசியாவில் வி.பி.என். குற்றமில்லையே" என்று வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் கல்லூரியில் தண்டனை வருவது நாட்டுச் சட்டத்தால் அல்ல, வைஃபைக்காக நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறையால். படிக்காமலே 'சம்மதம்' அழுத்துகிறோமே, அதனால்! இடைநிலைப்பள்ளியில் நிலைமை இன்னும் சிக்கல். மாணவர்கள் கைப்பேசி கொண்டுவருவதையே கல்வியமைச்சின் 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தடுக்கிறது. எனவே கட்டொழுங்கு ஆசிரியர் முன் இரண்டு குற்றங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கல்லூரிகள் மீதும் எனக்குக் குறை உண்டு. தாதிமைப் பயிற்சி மாணவி மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடினால், சொல்லை மட்டும் பார்த்து அடைக்கும் வடிகட்டி அதையும் ஆபாசம் என்று அடைத்துவிடலாம். அவர் வி.பி.என். போட்டால், பதிவேட்டில் அவரும் விளையாட்டுக்காகப் போட்டவரும் ஒன்றுதான். ஏன் போட்டார் என்பது அதில் இருக்காது. அப்படி அடைபட்டால், தடைப் பக்கத்தைப் படமெடுத்து, முகவரி, நேரம், எந்தப் பாடத்துக்குத் தேவை என்ற விவரத்தோடு விரிவுரையாளர் வழியாகக் கணினிப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரு முகவரியைத் திறந்துவிடுவது அவர்களுக்குச் சில நிமிட வேலை. அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் கல்லூரி, மாணவரை விசாரிக்கும் முன் தன் கணினிப் பிரிவை விசாரிக்கட்டும்.