படத்தைச் சுற்றி என்ன நிறம்?



கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதிதாகப் பெயிண்ட் அடித்த பச்சைச் சுவரில் மூன்று படங்களை மாட்டியிருக்கிறார். மாமனார், மாமியாரின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். தன்னுடைய கல்யாணத்தின் பழைய கலர் படம். பேத்தியின் முதல் பிறந்தநாள் படம். மூன்றுக்கும் பளீர் வெள்ளை மவுண்ட், தங்க நிற பிரேம். “இவ்வளவு செலவு செய்தும் படம் எடுபடவில்லையே, ஏன்?” என்று கேட்கிறார்.

படத்தில் குறையில்லை. சுற்றியிருக்கும் நிறங்கள்தான் காரணம்.

பாரிஸ் நகரத்து கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்தவர் செவ்ருல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் கறுப்பாகவே தெரியவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. அதை ஆராய்ந்து 1839இல் பெரிய புத்தகமே எழுதினார். எந்த நிறத்தையும் நம் கண் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது.

வாசகியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நடந்ததும் இதுதான். பழைய படத்தில் வேட்டியின் வெள்ளைகூடக் கொஞ்சம் பழுப்பேறியிருக்கும். பளீர் வெள்ளை அட்டைக்கு நடுவே அது அழுக்காகத் தெரியும். திருவண்ணாமலைப் பக்கத்து வீடுகளில், வெல்லிங் என்ற புகைப்படக்காரர் 1946இல் எடுத்த ரமண மகரிஷியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் வெளிச்சமே அந்த வெண்தாடியும் தலைமுடியும்தான். அதைவிட வெள்ளையாகச் சுற்றி ஓர் அட்டை வைத்தால் கண் முதலில் எங்கே போகும்?

ஆகவே, படத்தில் இருக்கும் மிக வெளிச்சமான இடத்தைவிட மவுண்ட் ஒரு படி மங்கலாக இருக்கட்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கிரீம் அல்லது தந்த நிறம் பொருந்தும்.

கல்யாணக் கலர் படத்தின் சிக்கல் வேறு. அந்தக் காலத்துப் பிரிண்ட்களில் பல, சாயம் மங்கிச் சிவப்படித்திருக்கும். பச்சைச் சுவரோ பக்கத்திலிருக்கும் சிவப்பை இன்னும் தூக்கிக் காட்டும். முகங்கள் வெந்தது போலத் தெரிவது அதனால்தான். இங்கே மவுண்ட் சுவருக்கும் படத்துக்கும் நடுவே வேலி போல நிற்க வேண்டும். எட்டுக்குப் பத்து அங்குலப் படத்துக்கு மூன்று பக்கமும் 2 அங்குலம், கீழே மட்டும் 2½ அங்குலம் விட்டால் போதும். மொத்த அளவு 12க்கு 14½ அங்குலம். நிறம், சிவப்பு கலக்காத இளம் கிரீம். புடவைக்குப் பொருத்தமாக அரக்கு மவுண்ட் வைக்க ஆசை வரும். வைத்தால் புடவையின் சிவப்பு சோர்ந்துவிடும். அதிகம் சிவந்துபோயிருந்தால் மவுண்டால் மட்டும் சரியாகாது. ஸ்கேன் செய்து நிறம் திருத்தி, புதுப் பிரிண்ட்டை மாட்டுங்கள்.

பேத்தியின் படம் புதுப் பிரிண்ட், வெள்ளை சுத்தமாக இருக்கும். அதற்கு வெள்ளை மவுண்ட்டே போதும், பளீரென்று இல்லாமல் கொஞ்சம் தணிந்த வெள்ளையாகப் பாருங்கள். பலூன் நிறங்களில் ஒன்றை மவுண்ட்டுக்கு எடுத்தால், குழந்தையைவிட பலூன்தான் முன்னே நிற்கும்.

பிரேமுக்கு வருவோம். மினுக்கும் தங்கப் பட்டை ட்யூப் லைட்டைப் பிரதிபலித்துக் கண்ணை ஓரத்துக்கு இழுக்கிறது. படத்தின் இருண்ட பகுதியிலிருந்து நிறத்தை எடுங்கள். மாமனாரின் தலைமுடி, கல்யாணப் பந்தலின் நிழல் எல்லாமே கறுப்பு, அடர் பழுப்பு. அடர் தேக்கு நிறத்தில் முக்கால் அங்குலப் பட்டை மூன்றுக்கும் ஒன்றாக இருந்தால், வெவ்வேறு காலத்துப் படங்களும் ஒரே குடும்பமாக நிற்கும். மவுண்ட்டும் பிரேமும் ஒரே அகலத்தில் மட்டும் வேண்டாம். படத்தைச் சுற்றி வரிவரியாகக் கோடு போட்டது போலாகிவிடும்.

இன்னொன்று. மவுண்ட் இருந்தால் படம் கண்ணாடியைத் தொடாது. மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன! அப்படி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுக்குமுன் ஸ்டேஷனரி கடையில் வெள்ளை, கிரீம், சாம்பல் சார்ட் அட்டைகளை வாங்குங்கள். படத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, மாட்டப் போகும் சுவரிலேயே பிடிக்கச் சொல்லி, எட்டடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முதலில் தெரிவது முகமா, அட்டையா? அட்டை என்றால் அந்த நிறம் வேண்டாம். பகலில் ஒருமுறை, விளக்கு போட்டபின் ஒருமுறை பாருங்கள். இரண்டு நேரமும் முகம் முந்திக்கொண்டு வருகிற அட்டையைக் கடைக்கு எடுத்துப் போய், “இதே நிறத்தில் மவுண்ட் போடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்