ஒரு நாள் லீவின் விலை இரண்டாயிரம் ரூபாயா?

கோவை வட்டாரத்து நூற்பாலைத் தோழர் ஒருவர் தமது பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சென்றார். முதல் நாள் மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார். “போய்விட்டு வா” என்றார் மேஸ்திரி. மாத முடிவில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் அன்றைக்கு ஆப்சென்ட்! நாட்கூலி 500 ரூபாய் போயிற்று. ஒரு நாளும் தவறாமல் வருவோருக்குத் தரும் ஊக்கத்தொகை 1,500 ரூபாயும் போயிற்று. பாஸ்போர்ட்டுக்குச் சர்க்கார் வாங்கிய கட்டணமே 1,500 ரூபாய்தான். முதலாளி வாங்கிய கட்டணம் 2,000!

“வேறு ஆளை அனுப்பக்கூடாதா?” என்று கேட்டாராம் ஆபீசர். எப்படி அனுப்புவது? பாஸ்போர்ட் ஆபீசில் ஆளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், கைரேகை பதிக்கிறார்கள். ஆபீஸ் நடப்பதும் ஆலை ஓடும் நேரத்தில்தான்.

தோழர்களே, லீவு முதலாளி போடும் பிச்சை அல்ல. 20 நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1948-ஆம் ஆண்டு ஆலைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாக்கியிருக்கிறது. அத்தொகுப்புகளில் நாம் எதிர்க்கும் விதிகள் பல; ஆனால் கையில் உள்ள உரிமையை ஏன் விடவேண்டும்?

அந்தத் தோழர் இழந்தது எதனால்? எழுத்து இல்லாததால். பாஸ்போர்ட் காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். ஆகவே அவசரம் வேண்டாம். ஆபீஸ் தரும் தேதிச் சீட்டின் நகலை இணைத்து, “சம்பளத்துடன் கூடிய விடுப்பில் ஒரு நாள்” என்று எழுதிக் கொடுங்கள். இன்னொரு பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அனுமதித்த விடுப்பை ஆப்சென்ட் என்று எழுதினால், அந்தப் பிரதியே சங்கத்தின் கையில் ஆயுதம்.

ஆனால் ஒரு குறை பாக்கி. விடுப்பு தந்துவிட்டு ஊக்கத்தொகையை வெட்டும் ஆலைகளும் உண்டு. அதைத் தனி ஆளின் மனு தீர்க்காது. சர்க்கார் ஆபீஸ் வேலைக்கு எடுத்த விடுப்பு ஊக்கத்தொகையைப் பாதிக்காது என்ற ஷரத்து அடுத்த கூலி ஒப்பந்தத்தில் ஏறவேண்டும்.

வயல் தொழிலாளிக்கோ லீவுக் கடிதம் கொடுக்கவே இடமில்லை. சாதிச் சான்றிதழுக்குப் போகும் நாள் கூலியில்லா நாள். கிராம நிர்வாக அதிகாரி வெளியே போயிருந்தால் மறுநாளும் அப்படியே. அவர் இருக்கும் நாளையும் நேரத்தையும் சாவடிப் பலகையில் எழுதட்டும். வாரத்தில் ஒரு மாலையாவது வேலை முடிந்து வருவோரைப் பார்க்கட்டும்.

ஆலையில் சங்கமும் கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளை இன்றே எழுப்பட்டும்!