எத்தனை பேரில் இத்தனை பேர்?

2025 மார்ச் 13 அன்று ‘அடோலசன்ஸ்’ என்ற நான்கு பாகத் தொடரை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. வியாழக்கிழமை வெளியான அந்தத் தொடருக்கு ஞாயிறு முடிவதற்குள் உலகெங்கும் 2.43 கோடி பார்வைகள் கிடைத்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே வாரத்துக்குப் பிரிட்டனின் தொலைக்காட்சிக் கணக்கெடுப்பு அமைப்பான ‘பார்ப்’ வேறொரு எண்ணைத் தந்தது: முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் 64.5 லட்சம் பேர். பிரிட்டனின் வாராந்திரத் தொலைக்காட்சிப் பட்டியலில் ஓடிடி தொடர் ஒன்று முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. இரண்டு எண்களிலும் பிழை இல்லை. ஆனால், இரண்டாவது எண்ணை மட்டும்தான் பிபிசியின் ஒரு நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். முதலாவதை ஏன் அப்படி வைக்க முடியாது என்பது, ஓடிடி வெற்றிச் செய்திகளைப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதல் சிக்கல், அளவுகோலே பலமுறை மாறியிருப்பது. 2018, 2019இல் ஒரு படத்தில் 70 சதவீதத்தைப் பார்த்த கணக்குகளைத்தான் நெட்ஃபிளிக்ஸ் எண்ணியது. 2020 தொடக்கத்தில், இரண்டு நிமிடம் பார்த்தாலே போதும் என்று விதி மாறியது. புதிய முறையில் எண்கள் சராசரியாக 35 சதவீதம் கூடுகின்றன என்று நிறுவனமே பங்குதாரர்களிடம் சொன்னது. 2021 நவம்பரில், தலைகளை எண்ணுவதை விட்டுப் பார்க்கப்பட்ட மொத்த மணிநேரத்தைச் சொல்லத் தொடங்கியது. 2023 ஜூனில் அந்த மணிநேரத்தை நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்து, வரும் ஈவுக்குப் ‘பார்வைகள்’ என்று பெயரிட்டது. சாதனைப் பட்டியலுக்கான காலமும் 28 நாளிலிருந்து 91 நாளானது.

இந்த மாற்றங்களால் வரிசை எப்படிப் புரள்கிறது என்பதற்கு 2022இன் இரண்டு தொடர்கள் போதும். முதல் 91 நாளில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசன் சுமார் 184 கோடி மணிநேரம் பார்க்கப்பட்டது; ‘வெட்னஸ்டே’ முதல் சீசன் சுமார் 172 கோடி மணிநேரம். மணிக்கணக்கில் முன்னது மேலே. ஆனால் முன்னதன் நீளம் 13 மணிக்குக் கொஞ்சம் கூடுதல். பின்னது ஏழு மணிநேரம்கூட இல்லை. நீளத்தால் வகுத்தால் முன்னதற்கு 14 கோடிப் பார்வைகளும் பின்னதற்கு 25 கோடிப் பார்வைகளும் வருகின்றன. பார்த்தவர்கள் அதே ஆட்கள்தான், பார்த்த நேரமும் அதேதான். கணக்குப் போடும் முறை மாறியதும் இரண்டாமிடத்தில் இருந்தது வெகுதூரம் முந்திவிட்டது.

மணிக்கணக்கைவிடப் பார்வைக் கணக்கு நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீளமான தொடருக்குக் கிடைத்துவந்த சலுகை அதில் இல்லை. பழைய ரேட்டிங்கின் அடிப்படைச் சூத்திரமும் ஏறக்குறைய இதேதான். ஒரு நிகழ்ச்சியை எல்லோரும் பார்த்த நிமிடங்களைக் கூட்டி, நிகழ்ச்சி ஓடிய நிமிடங்களால் வகுத்தால் சராசரி நிமிடப் பார்வையாளர் எண்ணிக்கை கிடைக்கும். சூத்திரம் ஒன்றாக இருப்பதால்தான் இரண்டையும் ஒப்பிடலாம் என்ற மயக்கம் வருகிறது.

அந்தச் சூத்திரத்துக்குள் போகும் சரக்கு வேறு. தொலைக்காட்சியில் ஒரு நிமிடத்தில் ஒருவர் ஒருமுறைதான் எண்ணப்படுவார். பதிவுசெய்து மறுநாளோ ஏழு நாளுக்குள்ளோ பார்த்தவர்களைச் சேர்த்தாலும் அந்தக் கெடு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். ஓடிடியில் மூன்று மாதம் கணக்கு ஏறிக்கொண்டே போகும். குழந்தை ஒரே படத்தைப் பத்து முறை பார்த்தால் பத்துப் பார்வை. மறுபக்கம், கூடத்தில் நான்கு பேர் சேர்ந்து பார்த்தாலும் ஒரே பார்வைதான். ரேட்டிங் எடுக்கும் வீட்டிலோ யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ரிமோட் பொத்தானை அழுத்திப் பதிவு செய்வார்கள்.

சராசரிக்குள் இன்னொன்றும் மறைந்துவிடுகிறது. சம நீளமுள்ள நான்கு பாகத் தொடர் ஒன்றை 10 லட்சம் பேர் கடைசிவரை பார்த்தாலும் சரி, 40 லட்சம் பேர் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டாலும் சரி, அறிவிக்கப்படும் எண் 10 லட்சம் பார்வைகள்தான். மக்களைக் கட்டிப்போட்ட தொடருக்கும் விரட்டியடித்த தொடருக்கும் ஒரே மதிப்பெண். பாகம் பாகமாக எண் தரும் ‘பார்ப்’ போன்ற கணக்கில் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு, எத்தனை பேரில் இத்தனை பேர் என்பது. 1983 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் ‘மேஷ்’ தொடரின் கடைசிப் பாகம் 60.2 ரேட்டிங் பெற்றது. தொலைக்காட்சி இருந்த வீடுகள் நூறில் 60 வீடுகள் அன்றிரவு அதைப் பார்த்தன என்று அதற்குப் பொருள். பார்க்காத 40 வீடுகளும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. உலகம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லப்படும் 25 கோடிப் பார்வைகளில் பார்க்காதவர்களைப் பற்றிய குறிப்பே கிடையாது. அதனால் அது எவ்வளவு பெரிது என்று சொல்ல வழியில்லை.

பழைய முறையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. சில ஆயிரம் வீடுகளை வைத்துக் கோடிக்கணக்கானவர்களை மதிப்பிடுவதில் ஆபத்து உண்டு. மீட்டர் பொருத்திய வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாக 2020இல் மும்பையில் வழக்கு வந்தபின், இந்தியாவில் செய்திச் சேனல்களின் ரேட்டிங் 2022 மார்ச் வரை நிறுத்திவைக்கப்பட்டது. ஓடிடி நிறுவனத்தின் சர்வரில் ஒவ்வொரு நொடியும் பதிவாகிறது. துல்லியத்தில் அதை மீட்டர் நெருங்க முடியாது. ஆனால் மீட்டர் கணக்கை எடுப்பது சேனல் அல்ல, வேறோர் அமைப்பு. அதனால்தான் மோசடி என்ற சந்தேகம் எழுந்ததும் வெளியார் விசாரிக்க முடிந்தது.

இதெல்லாம் வெறும் கணக்கு வழக்கு அல்ல, கூலியோடு தொடர்புடையது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: பெரிய ஓடிடி ஒன்றில் அதற்காகவே எடுக்கப்பட்ட தொடரோ படமோ முதல் 90 நாளில் அந்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வைகளை எட்டினால் எழுத்தாளருக்குக் கூடுதல் தொகை உண்டு. ஒரு நாடு, ஒரு கெடு, மொத்தம் எத்தனை பேரில் என்ற அடிப்படை ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒழுங்கான அளவுகோல் சாத்தியமாகியிருக்கிறது. ஆனால் அந்த விவரங்கள் ரகசியக் காப்பு நிபந்தனையோடுதான் எழுத்தாளர் சங்கத்துக்குத் தரப்படுகின்றன.

இந்தியாவில் நமக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. நெட்ஃபிளிக்ஸின் நாடுவாரிப் பட்டியலில் ஒன்று முதல் பத்து வரை வரிசை மட்டுமே உண்டு. இந்தியாவில் எத்தனை மணிநேரம், எத்தனை பார்வைகள் என்ற எண் கிடையாது. ஒரு தமிழ்ப் படம் இங்கே முதலிடம் என்றால், மந்தமான வாரத்தில் முதலிடமா, நாடே பார்த்த முதலிடமா என்று அதை எடுத்தவர்களாலும் அந்தப் பட்டியலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இருந்தும் அடுத்த பட விலைப்பேச்சில் அந்த முதலிடம் ஆதாரமாகப் பேசப்படுகிறது.

நெட்ஃபிளிக்ஸ் 2022இலேயே பிரிட்டனின் ‘பார்ப்’ கணக்கெடுப்பில் சேர்ந்துவிட்டது. வெளியார் எண்ணுவதால் அதன் தொழில் அங்கே நொடித்துவிடவில்லை. மாறாக, ‘அடோலசன்ஸ்’ முதலிடத்தைச் சந்தேகமின்றிக் கொண்டாட அதுதான் உதவியது. அங்கே ஒப்புக்கொண்டதை இங்கே மறுக்கக் காரணமில்லை. இந்திய அளவில் முதல் ஏழு நாளுக்கான சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையைப் பாகவாரியாக வெளியார் எடுத்து, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளோடு ஒரே பட்டியலில் வெளியிட வேண்டும். தயாரிப்பாளர் சங்கங்களும் எழுத்தாளர் சங்கங்களும் ஒப்பந்தப் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அதுவரை, கோடிப் பார்வைகள் என்று வரும் எந்த அறிவிப்பையும் விளம்பரமாகப் படிக்கலாமே தவிர, கணக்காக ஏற்க முடியாது.