வாட்ச் படம் மட்டும் அனுப்பினால் என்ன சொல்ல முடியும்?



போன வாரம் எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். ஸ்மார்ட் வாட்ச் காட்டிய இதயத் துடிப்புக் கோடு. கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. பத்து நிமிடத்தில் ஒருவர் "பிளாக் இருக்கும்" என்றார். இன்னொருவர் "நார்மல்தான், பயப்படாதே" என்றார். இரண்டுமே அந்தப் படத்தில் இல்லாத செய்தி.

படத்தில் இருந்தது இவ்வளவுதான். இரவு முழுக்க 60ஐ ஒட்டிய துடிப்பு. காலை 6 மணிக்கு 128 வரை ஏற்றம், அரைமணி கழித்து இறக்கம். பகல் 11 மணிக்கு ஒரே ஒரு புள்ளி 41.

காலை ஏற்றம் நடைப்பயிற்சிக்குப் பொருந்தும். "பொருந்தும்" என்பது வேறு, "அதுதான்" என்பது வேறு. வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளி பாய்ச்சி, ரத்த ஓட்டம் ஏறி இறங்குவதை எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை வீச்சையும் துடிப்பாக எண்ணிவிடும். அந்த 41ம் அப்படித்தான். அது தவறிய அளவாக இருக்கலாம், உண்மையிலேயே துடிப்பு குறைந்திருக்கலாம். கோட்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

ரத்தக்குழாய் அடைப்போ இந்தக் கோட்டில் தெரியவே தெரியாது. மாரடைப்பு வந்தவருக்கும் துடிப்பு 80 இருக்கலாம். அதனால் "பிளாக்" என்று பயமுறுத்துவதைவிட "நார்மல்" என்று ஆறுதல் சொல்வதே எனக்கு அதிக ஆபத்தாகப் படுகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் படம் அனுப்பாமல் 108ஐ அழையுங்கள்.

2019இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆப்பிள் வாட்ச் அணிந்து கலந்துகொண்டார்கள். துடிப்பு ஒழுங்காக இல்லை என்று வாட்ச் எச்சரித்தவர்களுக்கு, நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி கருவி அனுப்பப்பட்டது. அதை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு பதிவானது. அது விட்டு விட்டு வரும் கோளாறு என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வாட்சின் கணக்கே சந்தேகத்தை எழுப்புவதோடு நிற்கிறது என்றால், அதன் படத்தை வைத்து நாம் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

நான் அந்தத் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய்? உடம்பு எப்படி இருந்தது? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?

காலையில் பென்னாகரம் ரோட்டில் நடந்தாராம். 11 மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தபோது தலை சுற்றியதாம். பிரஷருக்கு மெட்டோபிரோலால் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறதாம்.

அந்த மாத்திரை துடிப்பைக் குறைக்கக்கூடியது. தலைசுற்றலுக்கு அதுதான் காரணமா என்று நான் சொல்லக்கூடாது. "நீயாக மாத்திரையை நிறுத்தாதே. அட்டையையும் படத்தையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரைப் பார், தலை சுற்றியதை முதலில் சொல், ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேள்" என்றேன். அப்போதும் டாக்டருக்கு முக்கியமான தகவல் அவர் வாயிலிருந்துதான் வந்தது, படத்திலிருந்து அல்ல.

இனி படம் அனுப்புகிறவர்கள் அந்த மூன்று பதிலையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் சொல்கிறவர்கள் கோடு ஏறியது, இறங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.